கிரைண்டிங் வீல் மாற்றும் வேலைக்கு ஜேஎஸ்ஏ தாள் எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பல பட்டறைகளில் ஃபைலில் தூங்கும் ஜேஎஸ்ஏ தாளை, அதாவது வேலைப் பாதுகாப்புப் பகுப்பாய்வுத் தாளை, எடுத்துப் பாருங்கள். ஆபத்து என்ற பத்தியில் "காயம் ஏற்படலாம்" என்று இருக்கும். அதற்கு எதிரே "பாதுகாப்பு உபகரணம் அணியவும், கவனமாக வேலை செய்யவும்" என்று இருக்கும். அந்தத் தாளை லேத்துக்குப் பக்கத்திலும் ஒட்டலாம், கேன்டீன் மாவு கிரைண்டருக்குப் பக்கத்திலும் ஒட்டலாம். அதைப் படித்துவிட்டு யாரும் ஒரு நட்டைக்கூட வேறு விதமாகக் கழற்றப் போவதில்லை.

ஜேஎஸ்ஏ தாளின் அமைப்பு ரொம்ப எளிது. மூன்று பத்திகள்தான். முதலில் வேலையின் படிகள், அடுத்து ஒவ்வொரு படியிலும் உள்ள ஆபத்து, மூன்றாவதாக அந்த ஆபத்துக்கான கட்டுப்பாடு. கோடு போட ஐந்து நிமிடம் போதும். அந்தக் கட்டங்களுக்குள் என்ன எழுதுவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அதனால் பொதுவாகப் பேசாமல் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு தாளை முதலிலிருந்து எழுதிப் பார்ப்போம். வேலை இதுதான்: பெடஸ்டல் கிரைண்டரில் தேய்ந்துபோன வீலைக் கழற்றிவிட்டுப் புது வீல் மாட்டுவது.

இந்த வேலையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. சின்னப் பட்டறையோ பெரிய ஃபவுண்டரியோ, பெடஸ்டல் கிரைண்டர் இல்லாத இடம் குறைவு. வீல் மாற்றுவதை யாரும் பெரிய வேலையாக நினைப்பதில்லை. வீல் தேய்ந்தவர் தானே மாற்றிக்கொள்வார். மாட்டும்போது செய்த தவறு அப்போதே தெரியவும் தெரியாது. வேறொருவர் வந்து சுவிட்சைப் போடும்போதுதான் வீல் உடைந்து முகத்துக்கு நேரே வரும்.

வேலைக்கு எல்லை போடுங்கள்

தாளின் தலைப்பில் "கிரைண்டிங் வேலை" என்று எழுதினால் அங்கேயே வழி தவறிவிடும். ஜாபைப் பிடித்துத் தேய்ப்பது ஒரு வேலை, வீலின் முகத்தைச் சீவிச் சமமாக்கி டிரெஸ் செய்வது ஒரு வேலை, வீல் மாற்றுவது இன்னொரு வேலை. மூன்றிலும் ஆபத்துகள் வேறு. "200 மி.மீ. பெடஸ்டல் கிரைண்டர், வலது பக்க வீல் மாற்றுதல்" என்று எழுதுங்கள். வலது பக்கம் என்று குறிப்பிடுவது வேண்டாத விவரம் இல்லை. இயந்திரத்துக்கு முன்னால் நின்று பார்த்தால் வலது பக்க நட்டில் வழக்கமான மரை இருக்கும்; இடது பக்க நட்டில் எதிர் மரை இருக்கும். இது தெரியாமல் இடது நட்டைக் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு, பைப் மாட்டி இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் உண்டு.

அடுத்து, வேலை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எழுத வேண்டும். நட்டை இறுக்கியதும் வேலை முடிந்தது என்று பலர் முடித்துவிடுகிறார்கள். இது பெரிய ஓட்டை. புது வீல் முதல் தடவை முழு வேகத்தில் சுற்றும் நிமிடம்தான் இந்த வேலையிலேயே அபாயமான நிமிடம். எனவே நம் தாளில் வேலை ஸ்டோரில் வீலை வாங்குவதில் தொடங்கும், சோதனை ஓட்டம் முடிந்து இயந்திரத்தை ஒப்படைப்பதில் முடியும்.

படிகளை இயந்திரத்தின் பக்கத்தில் நின்று எழுதுங்கள்

ஆபீஸில் உட்கார்ந்து எழுதிய படிகளில் மேனுவலில் இருக்கும் வேலைதான் இருக்கும், ஷாப் ஃப்ளோரில் நடக்கும் வேலை இருக்காது. அனுபவமுள்ள ஒருவர் வீல் மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முதலிலேயே "உங்களைச் சோதிக்க வரவில்லை, வேலையைப் பார்க்க வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர் அன்று மட்டும் புத்தகத்தில் உள்ளபடி செய்து காட்டுவார்.

பார்ப்பதோடு நிற்காமல் கேட்கவும் வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ஃபெட்லிங் ஷாப்பில் மூத்த ஃபிட்டர் ஒருவர் வீலை மாட்டி முடித்ததும், நேரே நின்று சுவிட்சைப் போடாமல் ஓரமாக ஒதுங்கிக் கையை நீட்டிப் போட்டார்.

"ஏனுங்கண்ணா, தள்ளி நின்னு போடறீங்க?"

"கல்லு தெறிச்சா நேராத்தானுங்க சார் வரும். ஒரு நிமிஷம் ஓடட்டும், அப்புறம் முன்னாடி போலாம்."

அவர் கைப்பழக்கமாகச் செய்ததை அதுவரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர் லீவு போட்டால் அந்தப் பழக்கமும் லீவில் போய்விடும். இதைப் போன்றவற்றைப் பிடித்துத் தாளில் ஏற்றுவதற்காகத்தான் பக்கத்தில் நிற்கச் சொல்கிறேன்.

படிகளை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது? "ஸ்பேனரை எடு", "ஸ்பேனரை நட்டில் வை", "ஸ்பேனரைத் திருப்பு" என்று போனால் தாள் நாற்பது வரி ஆகிவிடும், யாரும் படிக்க மாட்டார்கள். "பழைய வீலைக் கழற்றிப் புது வீலை மாட்டு" என்று ஒரே வரியில் முடித்தால் ஆபத்துகள் எல்லாம் அதற்குள் புதைந்துவிடும். எங்கே ஆபத்தின் தன்மை மாறுகிறதோ அங்கே படியைப் பிரியுங்கள். இந்த வேலைக்கு எட்டுப் படிகள் போதும். ஒவ்வொன்றும் "பூட்டு", "கழற்று", "மாட்டு" என்று செயலைச் சொல்லட்டும். "கவனமாகக் கழற்று" என்று எழுதாதீர்கள். எப்படிக் கழற்றுவது என்பது மூன்றாவது பத்தியின் வேலை.

படிகளை வரிசையாக எழுதும்போது வேலையின் வரிசையே தவறு என்று தெரியவரும். பெரும்பாலும் பழைய வீலைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஸ்டோருக்கு ஆள் போகும். அங்கே சரியான வீல் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் திறந்து கிடக்கிறது, ஷிஃப்ட் முடியப் போகிறது, சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கிடைத்த வீலை மாட்டிவிடத்தான் தோன்றும். எனவே புது வீலை எடுத்துச் சரிபார்ப்பதை முதல் இரண்டு படிகளாக முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும். ஒரு ரூபாய் செலவில்லாத கட்டுப்பாடு இது.

ஆபத்துப் பத்தி: எது, எப்படி, எங்கே

"காயம்" என்பது விளைவு. அந்த விளைவு எப்படி வருகிறது என்று எழுதினால்தான் அதைத் தடுக்கும் வழி புலப்படும். ஒவ்வொரு படியிலும் உடம்பின் எந்த இடத்தில், எது, எதனால் படும் என்று கேளுங்கள். கை சிக்குமா? ஸ்பேனர் வழுக்கினால் விரல் எதில் மோதும்? கரண்ட் வருமா? ஏதாவது தெறிக்குமா, காலில் விழுமா? கூடவே இன்னொரு கேள்வியும் வேண்டும்: இந்தப் படியில் செய்யும் தவறு, பிற்பாடு எந்தப் படியில் ஆளை அடிக்கும்? வீல் மாற்றும் வேலையில் பெரிய ஆபத்துகள் எல்லாம் இந்தக் கடைசிக் கேள்வியில்தான் இருக்கின்றன. இரண்டை மட்டும் விரிவாகப் பார்ப்போம்.

முதலாவது, வேகம். வீலின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் அளவு இருக்கும், அதிகபட்ச வேகமும் இருக்கும். உதாரணத்துக்கு 200 × 25 × 31.75 என்றால் விட்டம், தடிமன், துளை, எல்லாம் மில்லிமீட்டரில். வேகம் விநாடிக்கு 35 மீட்டர் என்றோ, 3340 ஆர்பிஎம் என்றோ, இரண்டுமாகவோ போட்டிருக்கும். இயந்திரத்தின் பெயர்த்தகட்டில் 2880 ஆர்பிஎம் என்று இருக்கிறது என்று கொள்வோம். விளிம்பின் வேகத்தைக் கணக்குப் போடலாம்:

```
3.14 × 0.200 × 2880 ÷ 60 = 30.1
3.14 × 0.300 × 2880 ÷ 60 = 45.2
```

முதல் வரி 200 மி.மீ. வீலுக்கு. விநாடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர். 35 என்ற எல்லைக்குள் இருக்கிறது, சரி. இரண்டாவது வரியில், அதே இயந்திரத்தில் ஒருவர் 300 மி.மீ. வீலை மாட்டினால் வேகம் 45-ஐத் தாண்டிவிடுகிறது. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. ஆனால் வீலைப் பிளக்கப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதால் அது 2.25 மடங்கு ஆகிவிடுகிறது. வீலை மூடியிருக்கும் பாதுகாப்புக் கூடான கார்டுக்குள் பெரிய வீல் நுழையாதே என்று கேட்பீர்கள். நுழையாதுதான். அப்போது கார்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பாதுகாப்பும் போயிற்று. எனவே ஆபத்துப் பத்தியில் இப்படி எழுதுங்கள்: "வீலின் அதிகபட்ச வேகம் இயந்திரத்தின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால், ஓட்டும்போது வீல் உடைந்து துண்டுகள் முகத்திலும் நெஞ்சிலும் தாக்கும்."

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத விரிசல். 200 மி.மீ. வீலின் எடை சுமார் இரண்டு கிலோ. கைதவறிக் கீழே விழுந்தால் காலில் அடிபடும் என்று எழுதிவிட்டுப் பலர் போய்விடுகிறார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, விழுந்த வீல் உள்ளே விரிசல் விட்டிருப்பது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. விழுந்ததைச் சொன்னால் திட்டு விழும் என்று ஆள் அதை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்துவிட்டால், அடுத்த வாரம் யாரோ அதை மாட்டுவார்கள். இதைத் தாளில் எழுதினால்தான் "கீழே விழுந்த வீலை உடைத்துப் போட வேண்டும், யாரும் விலை கேட்கக் கூடாது" என்ற கட்டுப்பாடு எதிர்ப் பத்தியில் வரும்.

கட்டுப்பாடு: பார்த்துச் சரிபார்க்க முடிவதாக இருக்கட்டும்

கட்டுப்பாடுகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தையே நீக்க முடியுமா, அல்லது ஆபத்துக் குறைந்த பொருளால் மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். அடுத்து கார்டு, பூட்டு போன்ற பொறியியல் தடுப்பு. அதற்கு அடுத்து வேலைமுறை, பயிற்சி, பலகை. கடைசியில்தான் கண்ணாடியும் கையுறையும். நம் ஊர்த் தாள்களில் இது தலைகீழாக இருக்கும். முதல் வரியிலேயே ஹெல்மெட் வந்துவிடும்.

வேக ஆபத்தை இந்த வரிசையில் வைத்துப் பார்ப்போம். அந்தப் பட்டறையில் 300 மி.மீ. வீலுக்கு வேலையே இல்லை என்றால் ஸ்டோரில் அதை வாங்காமலே விட்டுவிடலாம். தவறான வீல் இல்லாவிட்டால் அதை மாட்ட யாராலும் முடியாது. அதற்கு வழியில்லை என்றால் கார்டைக் கழற்றி ஓட்ட முடியாதபடி செய்யலாம். அப்புறம் பலகை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, கிரைண்டிங் நடக்கும் ஒவ்வொரு இயந்திரத்தின் அருகிலும் வீலின் பாதுகாப்பான அதிகபட்ச விளிம்பு வேகத்தையும் ஸ்பிண்டிலின் வேகத்தையும் எழுதி வைக்கச் சொன்னது. அந்தப் பலகை இருந்தால் ஷாப் ஃப்ளோரில் யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. லேபிளில் உள்ள எண்ணையும் பலகையில் உள்ள எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

விரிசலுக்கு உள்ள கட்டுப்பாடு தட்டிப் பார்ப்பது. "வீலைச் சோதிக்கவும்" என்று எழுதினால் ஒருவருக்கும் விளங்காது. எப்படி என்று எழுதுங்கள். வீல் காய்ந்திருக்க வேண்டும், தூசி ஒட்டியிருக்கக் கூடாது. சின்ன வீலைத் துளையில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் லேசாகத் தட்ட வேண்டும். தட்டும் இடம், நடுவில் மேலிருந்து கீழாகப் போகும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் 45 டிகிரி தள்ளி, விளிம்பிலிருந்து 25 முதல் 50 மி.மீ. உள்ளே. பிறகு வீலைக் கொஞ்சம் திருப்பி மறுபடி தட்ட வேண்டும். நல்ல வீல் கணீரென்று ஒலிக்கும். விரிசல் இருந்தால் டப்பென்று அடங்கிய சத்தம் வரும். இதற்கு ஒரு வரம்பும் உண்டு. ஒலி தெளிவாக வருவது களிமண் கலவையைச் சுட்டுச் செய்த விட்ரிஃபைட் வீல்களில்தான். ரெசின் வீல் நல்லதாக இருந்தாலும் அவ்வளவு கணீரென்று கேட்காது. ஷாப்பில் மற்ற இயந்திரங்கள் ஓடும் இரைச்சலில் தட்டினாலும் பயனில்லை. அமைதியான ஸ்டோர் ரூமிலேயே தட்டிப் பார்த்து வாங்கும்படி படியை அமையுங்கள்.

மூன்றாவது பத்தியில் எழுதிய ஒவ்வொரு வரியையும் ஒரு கேள்வியால் உரசிப் பாருங்கள்: சூப்பர்வைசர் வந்து பார்த்தால், இது நடந்ததா இல்லையா என்று சொல்ல முடியுமா? "கவனமாக" என்பதைப் பார்க்க முடியாது. "ஐசோலேட்டரில் பூட்டு, சாவி வேலை செய்பவரின் பாக்கெட்டில்" என்பதைப் பார்க்க முடியும். "இடைவெளி சரியாக" என்பதை அளக்க முடியாது. "ஜாபைத் தாங்கும் ஒர்க் ரெஸ்டுக்கும் வீலுக்கும் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது" என்பதை ஒரு தகட்டு கேஜை வைத்து அளந்துவிடலாம்.

எழுதி முடித்த தாள்

| படி | ஆபத்து | கட்டுப்பாடு |
|---|---|---|
| 1. ஸ்டோரில் வீலை எடுத்து லேபிளைப் பார் | வேகம் பொருந்தாத வீல் ஓட்டத்தில் உடைந்து முகம், நெஞ்சில் தாக்கும் | வீலின் ஆர்பிஎம், இயந்திரப் பலகையில் உள்ளதைவிட அதிகமாக இருக்க வேண்டும். லேபிள் கிழிந்த வீலை வாங்கக் கூடாது |
| 2. வீலைத் தட்டிப் பார் | உள்விரிசல் தெரியாமல் மாட்டப்படும் | ஸ்டோரிலேயே மரப்பிடியால் தட்டவும். சத்தம் அடங்கினாலோ, வீல் கீழே விழுந்திருந்தாலோ அதை உடைத்துப் போடவும் |
| 3. மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டு | வேறொருவர் சுவிட்சைப் போட்டால் கை சிக்கும். அணைத்த பின்னும் வீல் சுற்றிக்கொண்டிருக்கும் | ஐசோலேட்டரை ஆஃப் செய்து பூட்டுப் போட்டு டேக் மாட்டவும். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஓடவில்லை என்று உறுதிசெய்யவும். வீல் தானாக நிற்கும்வரை காத்திருக்கவும் |
| 4. பக்க கார்டையும் ஒர்க் ரெஸ்டையும் கழற்று | கார்டு காலில் விழும். போல்ட் காணாமல் போய் கார்டு பாதியில் மாட்டப்படும் | சேஃப்டி ஷூ. போல்ட்டுகளைத் தட்டில் போட்டு வைக்கவும் |
| 5. நட்டைக் கழற்றி வீலை எடு | ஸ்பேனர் வழுக்கி விரல்கள் வீலில் உராயும் | அளவான ரிங் ஸ்பேனர். வீலை மரக்கட்டையால் தடுத்துப் பிடிக்கவும். உளி, சுத்தியல் கூடாது. தோல் கையுறை |
| 6. புது வீலை பிளாஞ்ச், பேப்பருடன் மாட்டி நட்டை இறுக்கு | அழுத்தம் சமமாக விழாமல் வீல் பிளக்கும் | வீல் ஸ்பிண்டிலில் தானாக வழுக்கி நுழைய வேண்டும். இரண்டு பிளாஞ்சும் ஒரே விட்டம், குறைந்தது வீலில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு பக்கமும் பேப்பர். ஸ்பேனரில் பைப் மாட்டி இறுக்கக் கூடாது |
| 7. கார்டை மாட்டி இடைவெளியை வை | ஜாப் இடைவெளியில் சிக்கிக் கையை இழுக்கும் | ஒர்க் ரெஸ்ட் 3 மி.மீ.க்குள், மேலே உள்ள நாக்குத் தகடு 6 மி.மீ.க்குள். கையால் வீலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கவும் |
| 8. பூட்டை எடுத்துச் சோதனை ஓட்டம் | வீல் உடைந்து நேரே வரும் | பக்கவாட்டில் நின்று சுவிட்சைப் போடவும். ஒரு நிமிடம் வரை முன்னால் யாரும் வரக் கூடாது. ஃபேஸ் ஷீல்டு, கண்ணாடி. கையுறையைக் கழற்றிவிடவும் |

ஆறாவது படியில் பிளாஞ்ச் என்பது வீலை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும் இரும்பு வட்டு; பேப்பர் என்பது வீலோடு ஒட்டி வரும் வட்ட அட்டை. அழுக்காக இருக்கிறது என்று சிலர் அந்த அட்டையைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். வீலின் பக்கம் வழவழப்பாக இருப்பதில்லை. இரும்பு பிளாஞ்ச் நேராக அதில் உட்கார்ந்தால் மேடான இடங்களில் மட்டும் அழுத்தம் விழும். அந்த அட்டை அழுத்தத்தைப் பரப்பிவிடுகிறது. வீலின் துளை இறுக்கமாக இருந்தால் அதைச் சுரண்டிப் பெரிதாக்குவதும் இதே வகைத் தவறுதான். வேறு வீல் வாங்க வேண்டும்.

கையுறையைக் கவனித்தீர்களா? ஐந்தாவது படியில் போடச் சொல்லியிருக்கிறோம், எட்டாவது படியில் கழற்றச் சொல்லியிருக்கிறோம். பூட்டிக் கிடக்கும் இயந்திரத்தில் கையுறை விரலைக் காப்பாற்றும். சுற்றும் வீல் அதே கையுறையைப் பிடித்துக் கையோடு இழுக்கும். தாளின் தலையில் பொதுவாக "கையுறை அணியவும்" என்று எழுதினால் இந்த வேறுபாடு தொலைந்துபோகும். பாதுகாப்பு உபகரணத்தைப் படிவாரியாகத்தான் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

தாளை ஓட்டிப் பாருங்கள்

எழுதியவரே சரிபார்த்தால் ஓட்டை தெரியாது. வீல் மாற்றத் தெரிந்த, ஆனால் தாள் எழுதும்போது கூட இல்லாத ஒருவரிடம் கொடுத்து, அதன்படியே செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் பாருங்கள். அவர் எங்கே நின்று யோசிக்கிறாரோ அங்கே வரி தெளிவாக இல்லை. எங்கே தாளைப் பார்க்காமல் வேறு மாதிரி செய்கிறாரோ அங்கே, தாளில் உள்ளது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்றோ, அவருக்குக் காரணம் தெரியவில்லை என்றோ பொருள். ஐசோலேட்டருக்குப் பூட்டே இல்லை, அளவான ஸ்பேனர் டூல் ஸ்டோரில் இல்லை என்பதெல்லாம் இந்த ஓட்டத்தில்தான் வெளிவரும். அவற்றை வாங்கி வைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பூட்டு இல்லாத இடத்தில் "பூட்டுப் போடவும்" என்று எழுதிய தாள், விபத்து நடந்தால் தொழிலாளி மேல் பழி போடத்தான் பயன்படும்.

தாளை ஃபைலில் வைக்காமல் கிரைண்டர் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் தொங்கவிடுங்கள். எழுத்து, கையை நீட்டும் தூரத்தில் நின்று படிக்கும் அளவில் இருக்கட்டும். வடமாநிலத் தோழர்கள் வேலை செய்யும் ஷாப்பில் இந்தியிலும் ஒரு பிரதி வேண்டும். படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு வேலை தொடங்கும் முன் சூப்பர்வைசர் எட்டு வரியையும் வாசித்துக் காட்டினால் ஐந்து நிமிடம்கூட ஆகாது.

எப்போது திருத்துவது? வருடத்துக்கு ஒரு முறை தேதி மாற்றுவது மட்டும் திருத்தம் ஆகாது. மோட்டார் மாறினால் வேகம் மாறும், முதல் படி மாறும். விட்ரிஃபைடுக்குப் பதில் ரெசின் வீல் வாங்கத் தொடங்கினால் இரண்டாவது படியில் தட்டிப் பார்ப்பதை மட்டும் நம்பியிருக்க முடியாது. லேபிளில் உள்ள காலாவதித் தேதியைப் பார்ப்பதையும் சேர்க்க வேண்டும். வீல் தேயத் தேய ஒர்க் ரெஸ்டின் இடைவெளி கூடிக்கொண்டே போகும் என்பதால் அதை மறுபடி நெருக்கி வைப்பது கிரைண்டிங் வேலையின் தாளில் வர வேண்டும், இந்தத் தாளில் இல்லை. அந்தத் தாளையும் எழுதுவதாக இருந்தால் ரெஸ்டை நெருக்குவதிலிருந்தே தொடங்குங்கள். வீல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்கிற ஆள் உங்கள் ஷாப்பிலும் இருப்பார்.